சாய்தரை நீச்சல் குளத்தில் எவ்வளவு தண்ணீர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பக்கம் ஆழம் 1 மீட்டர், எதிர்ப்பக்கம் 2.2 மீட்டர். எந்த ஆழத்தை வைத்துக் கணக்குப் போடுவது?

தரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராகச் சரிந்தால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிக் கொள்ளுங்கள். 1-ம் 2.2-ம் சேர்ந்து 3.2, பாதி 1.6 மீட்டர். குளத்தின் நீளம் 12 மீட்டர், அகலம் 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால்:

```
12 × 5 × 1.6 = 96 கன மீட்டர் = 96,000 லிட்டர்
```

ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். இந்தப் பக்கம் முழுவதும் இதே குளத்தையே எடுத்துக்கொண்டு, அதன் தரையையும் சுவரையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கப் போகிறேன். ஒரே குளமாக இருந்தால்தான் எந்த மாற்றம் எத்தனை லிட்டரைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

"ஒரே சீராகச் சரிந்தால்" என்ற நிபந்தனையை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நான் பார்த்த தவறான கணக்குகளில் பெரும்பாலானவை பெருக்கலில் தவறியவை அல்ல. இந்த நிபந்தனையைப் பார்க்காமல் விட்டவை.

சராசரி எடுக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் அது ஏன் சரியாக வருகிறது?

குளத்தின் நீளவாட்டுச் சுவர் கண்ணாடியால் ஆனது என்று நினைத்துக்கொண்டு, வெளியே நின்று பக்கவாட்டில் பாருங்கள். தண்ணீர் ஒரு சரிவகமாகத் தெரியும். மேல்விளிம்பு நீர்மட்டம், அது கிடைமட்டமாக 12 மீட்டர் ஓடுகிறது. இடது ஓரத்தில் 1 மீட்டரும் வலது ஓரத்தில் 2.2 மீட்டரும் செங்குத்தாக இறங்குகின்றன. கீழே தரை சாய்கோடாக இரண்டையும் இணைக்கிறது. சரிவகத்தின் இணைபக்கங்கள் மேலும் கீழும் இருக்கும் என்று பழகிய கண்ணுக்கு, இங்கே அவை இடமும் வலமும் இருப்பது சற்றுத் தடுமாற்றம் தரலாம். இணைபக்கங்கள் அந்த இரண்டு ஆழங்கள்தாம்.

இப்போது 1.6 மீட்டர் ஆழத்தில் ஒரு கிடைக்கோடு போடுங்கள். அது சாய்ந்த தரையை மிகச் சரியாக நடுவில், அதாவது 6-ஆவது மீட்டரில் வெட்டும். வலப்பாதியில் கோட்டுக்குக் கீழே ஒரு முக்கோணத் தண்ணீர் மிஞ்சி நிற்கும்: 6 மீட்டர் நீளம், 0.6 மீட்டர் உயரம். இடப்பாதியில் கோட்டுக்கு மேலே, தண்ணீர் இல்லாத முக்கோணம் ஒன்று இருக்கும்: அதுவும் 6 மீட்டர், 0.6 மீட்டர். வலப்பக்கத்து மிச்சத்தை எடுத்து இடப்பக்கத்துக் குறையில் வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும். சாய்தரைக் குளம் 1.6 மீட்டர் ஆழமுள்ள சமதளக் குளமாகிவிடும்.

பக்கவாட்டுப் பரப்பு 12 × 1.6, அதாவது 19.2 சதுர மீட்டர். அதே வடிவம் 5 மீட்டர் அகலத்துக்கும் மாறாமல் தொடர்வதால், 5-ஆல் பெருக்கியதும் கன அளவு வந்துவிடுகிறது. பள்ளிக் கணக்கில் இதைப் பட்டகம் என்பார்கள்: குறுக்குவெட்டுப் பரப்பைத் தொடரும் நீளத்தால் பெருக்குவது. ஒன்றைக் கவனியுங்கள்: இங்கே குறுக்குவெட்டு என்பது நீளவாட்டுச் சுவரின் வடிவம், அது "தொடரும் நீளம்" என்பது குளத்தின் அகலம். மாணவர்கள் பலர் ஆழம் குறைந்த முனையிலுள்ள 5 × 1 செவ்வகத்தைக் குறுக்குவெட்டாக எடுத்து 12-ஆல் பெருக்கி, 60 என்று நிறுத்திவிடுகிறார்கள். முனைச் சுவரின் வடிவம் குளம் நெடுகிலும் மாறுகிறது. பக்கச் சுவரின் வடிவம்தான் மாறாமல் இருக்கிறது.

எங்கள் குளத்தில் பாதிக்கு மேல் சமதளம். பிறகு தரை சட்டென்று இறங்குகிறது. அப்போதும் சராசரிதானா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

நான் முதன்முதலில் அளந்த குளம் இந்த வகையைச் சேர்ந்தது. இரண்டு முனைகளிலும் ஆழம் பார்த்தேன்: 1 மீட்டர், 2.2 மீட்டர். நீளம் 12, அகலம் 5. கணக்கு 96 கன மீட்டர் என்றது. குளத்தை வடித்துவிட்டு மறுபடி நிரப்பியபோது, தண்ணீர்க் குழாயில் இருந்த மீட்டர் 81 கன மீட்டரைத் தாண்டிச் சற்று நகர்ந்ததுமே குளம் நிரம்பிவிட்டது. மீட்டர்தான் பழுது என்று முதலில் உறுதியாக நம்பினேன். தண்ணீர் வடிந்திருந்த வேளையில் எடுத்த படத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது: 7 மீட்டர் தூரத்துக்குத் தரை சமதளமாக 1 மீட்டர் ஆழத்திலேயே ஓடுகிறது. அடுத்த 3 மீட்டரில் 1.2 மீட்டர் இறங்குகிறது. கடைசி 2 மீட்டர் மறுபடியும் சமதளம், 2.2 மீட்டர் ஆழம்.

இப்படிப்பட்ட குளத்தை மூன்று துண்டுகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். தரை எங்கெல்லாம் மடிகிறதோ அங்கெல்லாம் ஒரு வெட்டு. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் தரை நேர்கோடாக இருப்பதால், அந்தத் துண்டின் இரு ஓர ஆழங்களின் சராசரி அதற்குள் செல்லுபடியாகும்.

```
சமதளம்  : 7 × 1.0 =  7.0
சரிவு     : 3 × 1.6 =  4.8
பள்ளம்    : 2 × 2.2 =  4.4
பக்கப் பரப்பு     = 16.2 சதுர மீட்டர்
கன அளவு = 16.2 × 5 = 81 கன மீட்டர்
```

96-க்கும் 81-க்கும் இடையே 15,000 லிட்டர். முனைகளை மட்டும் பார்த்தவருக்கு இரண்டு குளங்களும் ஒன்றுதான்; நீளம், அகலம், இரு ஆழங்கள் என எல்லா எண்களும் ஒன்றே. வேறுபாடு முழுவதும் தரை நடுவில் எங்கே இறங்குகிறது என்பதில் இருக்கிறது. சமதளப் பகுதி நீளமாக இருந்தால் சராசரி கூடுதலாகக் காட்டும். தரை தொடக்கத்திலேயே இறங்கிவிட்டு ஆழமான பகுதி நீளமாக ஓடினால் அதே சராசரி குறைவாகக் காட்டும். சமதளமும் பள்ளமும் ஒரே நீளமாக இருந்தால் மட்டும் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து, சராசரி சரியான விடையைத் தந்துவிடும்.

தண்ணீர் நிறைந்திருக்கும்போது அடியில் தரை எப்படிப் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி விலகுவதால், நேர் மேலிருந்து பார்க்கும்போது கூட ஆழம் ஏறத்தாழ முக்கால் பங்காகத்தான் தெரியும். 2.2 மீட்டர் ஆழம் 1.65 மீட்டராகத் தோன்றும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தோன்றும். தொலைவில் உள்ள தரை மேலே எழும்பி வருவதுபோல் தெரிவதால், எங்கே மடிகிறது என்பதும் மறைந்துவிடும்.

நீளமான ஒரு கோலை எடுத்து 5 சென்டிமீட்டருக்கு ஒரு குறி இடுங்கள். கரையோரம் அளவு நாடாவை விரித்து, ஒவ்வொரு மீட்டரிலும் கோலைச் செங்குத்தாக இறக்கி, நீர்மட்டம் தொடும் குறியைப் படியுங்கள். கோல் சாயக் கூடாது. 15 பாகை சாய்ந்தாலே 2.2 மீட்டர் ஆழம் 2.28 என்று காட்டும். ஆழமான பக்கத்தில் கோல் எட்டவில்லை என்றால் கயிற்றின் நுனியில் கனமான ஒன்றைக் கட்டி விடலாம். நீர் அசையாமல் இருக்கும் நேரமாகப் பார்த்து விடுங்கள்.

மேலே சொன்ன 81 கன மீட்டர் குளத்தில் இப்படி அளந்தால், 0 முதல் 7 வரையிலான எட்டு இடங்களிலும் 1 மீட்டர் வரும். 8-இல் 1.4, 9-இல் 1.8, 10, 11, 12 ஆகிய மூன்றிலும் 2.2. எண்களைப் பார்த்தவுடனேயே தரை எங்கே மடிகிறது என்று தெரிந்துவிடும்.

கூட்டும்போது ஒரு நுணுக்கம் உண்டு. முதல் அளவும் கடைசி அளவும் பாதியாகத்தான் கணக்கில் சேர வேண்டும். நடுவில் உள்ள ஒவ்வொரு அளவும் தனக்கு இருபுறமும் அரை அரை மீட்டருக்குப் பொறுப்பு. முனையில் உள்ளதற்கு ஒரு புறம்தான் தண்ணீர் இருக்கிறது. ஆகவே முனைகளுக்கு 0.5 + 1.1, நடுவில் உள்ள பதினொன்றுக்கும் சேர்த்து 14.6, மொத்தம் 16.2. அளவுகளுக்கு இடையே 1 மீட்டர் என்பதால் இதுவே பக்கப் பரப்பு. துண்டு போட்டுக் கண்டதும் இதே எண்தான். பதின்மூன்று அளவுகளையும் அப்படியே கூட்டி 13-ஆல் வகுத்தால் சராசரி ஆழம் 1.35-க்குப் பதிலாக 1.37 ஆகிவிடும். பிழை சிறியதுதான், ஆனால் அளவுகளை மூன்று மீட்டருக்கு ஒன்று என்று குறைத்தால் அது வளரும்.

தரை வளைந்து குழிந்திருந்தாலும் இந்த முறை அப்படியே பொருந்தும். மடிப்பு எங்கே என்று தேட வேண்டியதே இல்லை என்பதால், ஐயம் இருக்கும் எந்தக் குளத்துக்கும் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

நீளத்தைத் தரையோடு நாடா வைத்து அளந்துவிட்டேன். பரவாயில்லையா?

கணக்குக்கு வேண்டியது நீர்மட்டத்தின் நீளம், அதாவது கிடைமட்ட நீளம். ஒரே சீரான சரிவில் தரையின் நீளம் 12.06 மீட்டர்; 6 சென்டிமீட்டர்தான் கூடுதல். பொருட்படுத்த வேண்டாம். ஆனால் செங்குத்தான சரிவுத் துண்டை மட்டும் தனியே அப்படி அளந்தால் 3 மீட்டருக்குப் பதில் 3.23 வரும். அது கணக்கைப் பாதிக்கும்.

ஆழத்தைக் கரையின் விளிம்பிலிருந்து அளப்பதா, தண்ணீரின் மட்டத்திலிருந்தா?

தண்ணீரின் மட்டத்திலிருந்து. நீர்மட்டம் விளிம்புக்கு 15 சென்டிமீட்டர் கீழே நிற்கிறது என்று வையுங்கள். விளிம்பிலிருந்து அளந்தவர் இரண்டு முனைகளிலும் 15 சென்டிமீட்டர் கூட்டிவிடுகிறார். சராசரியும் அதே அளவு கூடுகிறது. 12 × 5 × 0.15 என்றால் 9 கன மீட்டர். இல்லாத 9,000 லிட்டர் தண்ணீர் கணக்கில் ஏறிவிடுகிறது. வரைபடத்திலோ ஒப்பந்தத் தாளிலோ எழுதியிருக்கும் ஆழம் சுவரின் உயரமா, நீரின் ஆழமா என்பதையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

ஆழமான பக்கத்தில் பாதி அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. குளம் பாதி நிரம்பியதாகக் கொள்ளலாமா?

சமதளக் குளமாக இருந்தால் கொள்ளலாம். இங்கே மூன்றில் ஒரு பங்கு கூட நிரம்பியிருக்காது.

ஒரே சீராகச் சரியும் 96 கன மீட்டர் குளத்துக்கே திரும்புவோம். நிரப்பத் தொடங்கியதும் தண்ணீர் எல்லாம் ஆழமான மூலைக்கு ஓடி, ஓர் ஆப்பு வடிவில் சேரும். பக்கவாட்டில் பார்த்தால் அது செங்கோண முக்கோணம். ஒரு பக்கம் ஆழமான முனைச் சுவர், மேலே நீர்மட்டம், கீழே தரை. தரை 12 மீட்டர் தூரத்தில் 1.2 மீட்டர் ஏறுகிறது. ஆகவே சுவரோரம் நீரின் உயரம் h மீட்டர் என்றால், நீர்மட்டத்தின் நீளம் அதைப்போல் பத்து மடங்கு, 10h. வடிவொத்த முக்கோணங்கள் தரும் செய்தி இது. முக்கோணத்தின் பரப்பு ½ × 10h × h = 5h². அகலம் 5 மீட்டர் என்பதால்:

```
h 1.2 வரை       : V = 25h²
h 1.2-க்கு மேல்   : V = 36 + 60(h − 1.2)
```

இரண்டாவது வரி எங்கிருந்து வந்தது? h = 1.2 ஆகும்போது நீர்மட்டம் எதிர்முனைச் சுவரின் அடியைத் தொட்டுவிடுகிறது. அதுவரை சேர்ந்தது 36 கன மீட்டர். அதற்குப் பிறகு தண்ணீர் நான்கு செங்குத்துச் சுவர்களுக்குள் ஏறுகிறது. 60 சதுர மீட்டர் பரப்புள்ள சாதாரணத் தொட்டியைப்போல. h = 2.2 என்று போட்டுப் பாருங்கள்: 36 + 60 = 96. முழுக் குளத்தின் விடையோடு ஒத்துப்போகிறது. இப்படிச் சரிபார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பாதி உயரம் 1.1 மீட்டர். 25 × 1.21 = 30.25 கன மீட்டர். மொத்தத்தில் ஏறத்தாழ 31.5 விழுக்காடு. அப்படியானால் உண்மையில் பாதி, அதாவது 48 கன மீட்டர், எப்போது சேரும்? 36-க்கு மேல் 12 வேண்டும். 12-ஐ 60-ஆல் வகுத்தால் 0.2. சுவரோரம் 1.4 மீட்டர் நிற்கும்போதுதான் குளம் பாதி நிரம்பியிருக்கும். அப்போது ஆழம் குறைந்த பக்கத்தில் 20 சென்டிமீட்டர்தான் தண்ணீர் இருக்கும்.

மோட்டார் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. காலையில் மட்டம் மளமளவென்று ஏறியது. இப்போது நகர்வதே தெரியவில்லை. எங்காவது கசிகிறதா?

பெரும்பாலும் கசிவு இல்லை. வரும் தண்ணீர் மாறவில்லை. அது பரவ வேண்டிய பரப்புதான் பெருகிவிட்டது. மட்டம் ஏறும் வேகம் என்பது ஒரு மணிக்கு வரும் கன அளவை நீர்மட்டத்தின் பரப்பால் வகுத்தது.

மோட்டார் நிமிடத்துக்கு 50 லிட்டர் தருகிறது என்று கொள்வோம். மணிக்கு 3 கன மீட்டர். சுவரோரம் 0.3 மீட்டர் நிற்கும்போது நீர்மட்டம் 3 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 15 சதுர மீட்டர் பரப்பு. மட்டம் மணிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் ஏறும். 0.6 மீட்டரில் பரப்பு 30. வேகம் 10 சென்டிமீட்டர். 1.2 மீட்டரில் பரப்பு 60. வேகம் 5 சென்டிமீட்டர். அதன்பின் வேகம் மாறாது. குளம் நிரம்ப மொத்தம் 32 மணி நேரம். முதல் 12 மணி நேரத்தில் 1.2 மீட்டர் ஏறிவிடும். மீதி 1 மீட்டர் ஏற 20 மணி நேரம் பிடிக்கும்.

சமதளம், சரிவு, பள்ளம் என்று மூன்று துண்டாக உள்ள குளத்தில் இந்த மாற்றம் இன்னும் அதிர்ச்சி தரும். பள்ளத்தின் பரப்பு 10 சதுர மீட்டர்தான் என்பதால் தொடக்க வேகம் மணிக்கு 30 சென்டிமீட்டர். சரிவின் உச்சியை நெருங்கும்போது பரப்பு 25, வேகம் 12. அந்த உச்சியைத் தாண்டிய கணத்தில் 7 மீட்டர் நீளச் சமதளம் முழுவதும் ஒரேயடியாக நீரில் மூழ்குகிறது. பரப்பு 25-இலிருந்து 60-க்குத் தாவ, வேகம் 12-இலிருந்து 5-க்கு விழுகிறது. குழாயில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று பதறுவது இந்த இடத்தில்தான்.

ஐயம் தீர வேண்டுமானால், நீர் சமதளத்தை மூடிய பிறகு ஒரு மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து பாருங்கள். 60 சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் என்பது 600 லிட்டர். 5 சென்டிமீட்டருக்கு 3,000 லிட்டர். மோட்டார் தருவதும் அவ்வளவு என்றால் கசிவு இல்லை.

நீர்மட்ட உயர்வு வீதம் கேட்கும் வகை நுண்கணித வினாவில் என் விடை எப்போதும் தவறுகிறது. ஏன்?

இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, h-இன் மதிப்பை வகையிடும் முன்பே இட்டுவிடுவது. V = 25h² என்பதை முதலில் வகையிட்டு dV/dt = 50h · dh/dt என்று பெற்ற பிறகுதான் h = 0.6 என்று இட வேண்டும். 3 = 30 × dh/dt, விடை மணிக்கு 0.1 மீட்டர். முன்பே இட்டால் V ஒரு மாறிலியாகி, வீதம் சுழியாகிவிடும்.

இரண்டாவது, எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்று பார்க்காமல் இருப்பது. h = 1.5 என்று வினா கேட்டால் 25h² செல்லாது. நீர் எதிர்ச்சுவரை எப்போதோ தொட்டுவிட்டது. நீர்மட்டத்தின் நீளம் 15 மீட்டர் என்று வரும். குளமே 12 மீட்டர்தான். அப்படி ஒரு முரண் தென்பட்டால் பகுதி மாறிவிட்டது என்று பொருள்.

ஆழமான பக்கம் அகலமாகவும், ஆழமற்ற பக்கம் குறுகலாகவும் இருந்தால்?

சராசரி அகலத்தையும் சராசரி ஆழத்தையும் பெருக்கினால் குறைவான விடை வரும். அகலம் கூடும் இடத்திலேயே ஆழமும் கூடுகிறது; இரண்டும் கைகோத்துக்கொள்வதால் அங்கே சேரும் தண்ணீர் சராசரி காட்டுவதைவிட அதிகம்.

ஆழமற்ற முனையில் அகலம் 4 மீட்டர், ஆழமான முனையில் 6 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கச் சுவர்கள் நேராக விரிகின்றன, தரையும் ஒரே சீராகச் சரிகிறது. சராசரிகளைப் பெருக்கினால் பழைய 96-தான் வரும். முனைகளின் குறுக்குவெட்டுப் பரப்புகளைச் சராசரி எடுத்தாலோ (4 × 1 = 4, 6 × 2.2 = 13.2, சராசரி 8.6) 103.2 என்று கூடிவிடும். சரியான விடை இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. அதற்கு நடுவிலுள்ள குறுக்குவெட்டும் வேண்டும்: 5 × 1.6 = 8. அதற்கு நான்கு மடங்கு எடை கொடுத்து, முனைகளுக்கு ஒவ்வொரு மடங்கு கொடுத்து, ஆறால் வகுக்க வேண்டும்.

```
12 ÷ 6 × (4 + 4×8 + 13.2) = 98.4 கன மீட்டர்
```

மண் வேலைக் கணக்கில் பொறியாளர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் வழி இது. அகலமும் ஆழமும் நேர்கோட்டில் மாறும்வரை இது தோராயம் அல்ல, துல்லியமான விடை.

நீள்வட்டக் குளத்துக்கும் இரண்டு முனை ஆழங்களின் சராசரி பொருந்துமா?

தரை ஒரே சாய்தளமாக இருந்தால் பொருந்தும். நடுவிலிருந்து இருபுறமும் வடிவம் ஒன்றுபோல் இருப்பதால், ஒருபுறம் கூடுவதும் மறுபுறம் குறைவதும் சரியாகிவிடுகின்றன. பரப்பை மட்டும் நீளம் × அகலம் × 0.785 என்று மாற்றிக்கொள்ளுங்கள். 12 × 5 × 0.785 = 47.1 சதுர மீட்டர், 1.6-ஆல் பெருக்கினால் சுமார் 75.4 கன மீட்டர்.

இதன் பின்னே ஒரு பொது விதி இருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தது அது. தரை ஒரே சாய்தளமாக இருக்கும்வரை, குளத்தின் மேற்பரப்பு எந்த வடிவமாக இருந்தாலும், சராசரி ஆழம் என்பது அந்த வடிவத்தின் திணிவு மையத்துக்கு நேர் கீழே உள்ள ஆழம். அட்டையில் குளத்தின் வடிவத்தை வெட்டி, ஊசிமுனையில் எங்கே சாயாமல் நிற்கிறதோ அதுதான் அந்த இடம். செவ்வகத்துக்கும் நீள்வட்டத்துக்கும் அது நடுப்புள்ளி. அதனால்தான் முனைகளின் சராசரி வேலை செய்கிறது. முந்தைய கேள்வியின் விரியும் குளத்தில் அந்தப் புள்ளி அகலமான பக்கம் நகர்ந்திருக்கிறது. அங்கே ஆழம் 1.64 மீட்டர். 60 × 1.64 = 98.4. அதே விடை.

படிக்கட்டும் வளைந்த மூலைகளும் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ளும்?

ஆழமற்ற பக்கத்தில் 2 மீட்டர் அகலத்துக்கு மூன்று படிகள், ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் நீளம், உயரம் முறையே 75, 50, 25 சென்டிமீட்டர் என்றால், அவை அடைக்கும் இடம் 0.9 கன மீட்டர். நூற்றுக்கு ஒன்று. கழித்துவிடுங்கள், மறந்தாலும் பெரிய தவறில்லை. கைப்பிடி அளவு வளைவுள்ள மூலைகள் இதைவிடவும் சிறியவை.

என் அளவுகள் அடியில்தான் இருக்கின்றன. லிட்டருக்கு எப்படி மாற்றுவது?

எல்லாவற்றையும் அடியிலேயே பெருக்கி, வரும் கன அடியை 28.3-ஆல் பெருக்குங்கள். ஆழத்தை அடியிலும் அங்குலத்திலும் கலந்து எழுதியிருந்தால் 5 அடி 3 அங்குலம் என்பது 5.25 அடி, 5.3 அல்ல. கேலன் என்று யாராவது சொன்னால் எந்தக் கேலன் என்று கேளுங்கள்: அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டன் கேலன் 4.546 லிட்டர்.

போட்ட கணக்கு சரிதானா என்று தண்ணீரை வைத்தே சோதிக்க முடியுமா?

முடியும். நிரப்பும் குழாயில் மீட்டர் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். ஏற்கெனவே நிரம்பிய குளத்துக்கு உப்பை வைத்துச் சோதிக்கலாம். ஒரு கன மீட்டர் நீரில் ஒரு கிராம் கரைந்தால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கூடும். நீரின் உப்பளவை முதலில் அளந்து, 40 கிலோ உப்பைப் பரவலாகத் தூவிக் கரைத்து, சுழற்சி மோட்டாரை ஒரு நாள் ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். லிட்டருக்கு 417 மில்லிகிராம் கூடியிருந்தால் குளம் 96 கன மீட்டர். 494 கூடியிருந்தால் 81. அளக்கும் கருவி சற்றுப் பிசகினாலும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. ஆழமான பக்கத்தில் ஓர் இடத்திலும் ஆழமற்ற பக்கத்தில் ஓர் இடத்திலும் நீர் எடுத்து அளந்து, இரண்டும் ஒன்றாக வந்த பிறகே எண்ணை நம்புங்கள். உப்பு நீர் கனமானது. நன்றாகக் கலக்காவிட்டால் பள்ளத்தில் தங்கிவிடும்.

இந்தச் சோதனை வீண் வேலை அல்ல. லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டும் என்று 96 கன மீட்டருக்கு 192 கிராம் கணக்கிட்டு, உண்மையில் 81 கன மீட்டர் உள்ள குளத்தில் போட்டால் 2.37 ஏறும். மருந்துப் பொட்டலத்தில் 65 விழுக்காடு குளோரின் என்று இருந்தால் 192 கிராமுக்கு 295 கிராம் தூள் வேண்டும். உண்மைக் கன அளவுக்கு 249 கிராம் போதும். ஒவ்வொரு முறை மருந்து போடும்போதும் அந்த 46 கிராம் தொடர்ந்து கூடிக்கொண்டே வரும்.